பேனா மூடி முங்க மறுக்கிறதா? குழந்தைகளுக்கான டைவர் சோதனை வீடியோவில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

குழந்தைகளுக்கு வீட்டுச் சோதனை வீடியோ எடுக்க ஒரே ஒரு சோதனையைச் சொல் என்றால் நான் கார்ட்டீசியன் டைவரைத்தான் சொல்வேன். தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஒரு பேனா மூடி மிதக்கும். பாட்டிலை அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். தீ கிடையாது, ரசாயனம் கிடையாது, உடைகிற கண்ணாடி கிடையாது. வீடியோ எடுப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பால், சோப்பு, மிளகுத்தூள் என்று செய்யும் சோதனைகளில் ஒவ்வொரு டேக்குக்கும் தட்டைக் கழுவி மறுபடி தொடங்க வேண்டும். இதில் கையை எடுத்தாலே அடுத்த டேக்குக்குத் தயார்.

ஆனால் சட்டென்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால் இது காலை வாரிவிடும். மூடி இறங்காது, இறங்கினால் ஏறாது, இரண்டும் நடந்தால் கேமராவில் தெரியாது. எல்லாம் சரியாக வந்த பிறகும், பார்த்த குழந்தை காரணத்தைத் தலைகீழாகச் சொல்லும். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதலில் அடிப்படை அமைப்பை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் அளவுள்ள, வழவழப்பான, நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. சோடா வகைப் பானங்கள் வரும் பாட்டில் நல்லது. அது அழுத்தினால் உள்வாங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்குத் துள்ளி வரும். மெல்லிய குடிநீர் பாட்டில் நசுங்கியபடியே நின்றுவிடும். அடுத்து, உள்ளே இருப்பது தெரியும்படியான பேனா மூடி ஒன்று. அப்புறம் தண்ணீரில் கரையாத எண்ணெய்க் கிளே கொஞ்சம். மாவு வகைக் கிளே வேண்டாம், அது சிறிது நேரத்தில் ஊறிக் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மூடியின் வாய் கீழே பார்க்க வேண்டும். கிளேயை வாயைச் சுற்றி, அதாவது அடிப்பக்கத்தில் ஒட்ட வேண்டும், ஆனால் வாயை அடைக்கக் கூடாது. உள்ளே காற்று இருக்கும், அடியில் தண்ணீர் வந்து போக வழியும் இருக்கும். இதுதான் டைவர். பாட்டிலின் கழுத்து உள்ளே ஏறத்தாழ 2 செ.மீ. அகலம்தான், அதனால் கிளே உருண்டை அதைவிடப் பெரிதாகிவிடக் கூடாது.

பேனா மூடியும் கிளேயும் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் டைவரைப் பெரியவர்தான் கையாள வேண்டும். இதை வீடியோவின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு அழுத்தினாலும் டைவர் இறங்கவில்லை

முதலில் மூடியின் நுனியைப் பாருங்கள். பல பேனா மூடிகளின் தலையில் சிறு துளை இருக்கும். குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் மூச்சு போய்வர வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த துளை அது. நமக்கு அது பகை, காற்று அதன் வழியே வெளியேறிவிடும். துளையுள்ள மூடி பெரும்பாலும் மிதக்காமலேயே போய்விடும். சில சமயம் கொஞ்ச நேரம் தயங்கி நின்று ஏமாற்றும். சிறு துண்டு கிளேயால் துளையை அடைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

துளை இல்லை என்றால் சந்தேகம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, பாட்டிலில் மேலே காற்று நிற்கிறது. நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீரை விளிம்புவரை நிரப்புங்கள்.

இரண்டாவதுதான் பத்தில் எட்டுப் பேருக்கு வரும் சிக்கல் என்று சொல்லத் தோன்றுகிறது: டைவர் தேவைக்கு மேல் மிதக்கிறது. எவ்வளவு மிதக்கலாம் என்பதைக் கண்மதிப்பில் விடாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூடிக்குள் 2 மில்லி லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டைவர் மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியின் கன அளவு 0.1 மி.லி. என்றால், அது முங்குவதற்கு உள்ளே இருக்கும் காற்று 0.1 மி.லி. சுருங்கினால் போதும். அதாவது 2-ல் 0.1, வெறும் 5 சதவீதம். அழுத்தம் கூடக் கூடக் காற்றின் கன அளவு குறையும் என்கிற பாயில் விதிப்படி, அதற்கு அழுத்தமும் ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூட வேண்டும். சின்னக் கைகளே இதைச் செய்துவிடும். அதே டைவர் 0.4 மி.லி. நீட்டிக்கொண்டிருந்தால்? காற்று 20 சதவீதம் சுருங்க வேண்டும், அழுத்தம் 25 சதவீதம் ஏற வேண்டும். பெரியவரே பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாலும் சந்தேகம்தான்.

சாதாரணப் பேனா மூடியில் 0.1 மி.லி. என்பது நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தெரிகிற அளவு. இதை பாட்டிலில் போட்டுச் சரிபார்க்காதீர்கள், அங்கே போனதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. உயரமான ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, மிளகளவு கிளேயைச் சேர்த்தும் கிள்ளியும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். விரலால் லேசாகத் தட்டினால் முங்கி, உடனே மேலே வர வேண்டும். வந்தால் பாட்டிலுக்கு மாற்றலாம். மாற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஒழுகிப் போனாலும் கவலை இல்லை, வாயைக் கீழே வைத்து மெல்ல இறக்கினால் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிடும்.

இறங்கியது, கையை எடுத்தாலும் அடியிலேயே கிடக்கிறது

மேலே சொன்ன கோளாறின் மறுபக்கம் இது. நுனி எட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் சிலர் ஆசைப்பட்டு மயிரிழை அளவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். தொட்டாலே இறங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆழத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. 25 செ.மீ. ஆழத்தில், மேலே இருக்கும் தண்ணீரின் எடையால் மட்டும் அழுத்தம் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடிவிடும். 2 மி.லி. காற்று அதனால் மட்டுமே 0.05 மி.லி. சுருங்கும். உங்கள் டைவரிடம் இருந்த உபரி மிதப்பு அதற்கும் குறைவாக இருந்தால், கையை எடுத்த பிறகும் அது எழ முடியாது. அந்த ஆழத்தின் அழுத்தமே அதை எழவிடாமல் வைத்திருக்கும்.

ஆக, நமக்குக் கிடைப்பது 0.05-க்கும் 0.2-க்கும் இடைப்பட்ட ஒரு சின்ன சந்து. 0.1 பக்கம் நின்றால் இரண்டு பக்கமும் பயமில்லை. அடியில் கிடக்கும் டைவரைக் காப்பாற்ற, முதலில் பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள், சில சமயம் அப்போதே எழும்பும். எழவில்லை என்றால் தண்ணீரை வடிகட்டி வழியே ஊற்றி, டைவரை எடுத்து, கிளேயில் ஒரு கிள்ளு குறைக்க வேண்டியதுதான்.

மூடியை உள்ளே போட்ட பிறகு பாட்டிலைச் சாய்த்தீர்களா என்றும் யோசியுங்கள். டைவர் படுத்துக்கொண்டால் வாய் வழியே ஒரு குமிழி நழுவிப் போகும், போனது போனதுதான். கிளே அடியில் இல்லாமல் நடுவிலோ மேலேயோ இருந்தால் டைவர் தானாகவே சாயும். இதற்கு மருந்து, எடையைக் கூட்டாமல் கிளேயை வாய்ப்பக்கம் நகர்த்துவது.

இன்னொன்று: அழுத்தவே இல்லை, பாட்டில் மூடியைத் திருகிய உடனே இறங்கிவிடுகிறது. விளிம்புவரை நிரம்பிய பாட்டிலில் மூடியைத் திருகுவதே ஓர் அழுத்தம்தான். பாட்டிலை மிக லேசாகப் பிடித்துச் சில சொட்டுத் தண்ணீரை வழியவிட்டு, அந்தப் பிடியைத் தளர்த்தாமல் மூடுங்கள். சரியாகிவிடும்.

ஒத்திகையில் நன்றாக இருந்தது, கேமரா முன் அடம் பிடிக்கிறது

பாட்டிலின் அருகே கண்ணை வைத்து டைவரின் வெளிப்புறத்தைப் பாருங்கள். ஊசி முனை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் குற்றவாளி அவைதான். குழாயிலிருந்து புதிதாகப் பிடித்த தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். தண்ணீர் அறை வெப்பத்துக்கு வரும்போது அது குமிழிகளாகப் பிரிந்து, கிடைத்த பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குமிழியும் டைவருக்கு ஒரு மிதவை. பாட்டிலை மேசையில் மெல்லத் தட்டினால் உதிரும். அதைவிட, முந்தின இரவே தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

டம்ளரில் ஒரு தண்ணீர், பாட்டிலில் வேறு தண்ணீர் என்று வைத்தாலும் இப்படி ஆகும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் மூடிக்குள் இருக்கும் காற்று 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். நம்முடைய 2 மி.லி. கணக்கில் அது கிட்டத்தட்ட 0.07 மி.லி. வைத்திருந்த 0.1-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதிலேயே போய்விட்டது. சரிபார்ப்பதும் படம் எடுப்பதும் ஒரே தண்ணீரில் நடக்கட்டும்.

சோதனை நடக்கிறது, வீடியோவில் ஒன்றும் தெரியவில்லை

இந்த வீடியோவில் குழந்தை பார்த்தே ஆக வேண்டியது மூடி இறங்குவதை மட்டுமல்ல. மூடிக்குள்ளே தண்ணீர்க்கோடு மேலே ஏறுவதையும் பார்க்க வேண்டும். விளக்கம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது. நேரில் அது தெரியும், படத்தில் காணாமல் போகும்.

வெள்ளைத் தாளைப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வைத்து, அந்தத் தாளின் மேல் வெளிச்சம் விழச் செய்யுங்கள். பாட்டிலுக்கு முன்னால் விளக்கு வைத்தால் வளைந்த பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் மின்விளக்கே தேவையில்லை. தண்ணீர் சிந்தும் மேசையில் ஒயர் ஓடுவதும் தவிர்ந்துவிடும். தண்ணீரில் உணவு நிறம் இரண்டு சொட்டு மட்டும் விடுங்கள். கோடு எடுப்பாகத் தெரியும். அதற்கு மேல் விட்டால் டைவரே மறைந்துவிடும்.

கேமரா டைவரின் உயரத்தில் இருக்க வேண்டும். போன் ஃபோகஸைப் பாட்டிலுக்கும் பின்னணிக்கும் இடையே மாற்றி மாற்றித் தேடும், அதனால் டைவரின் மேல் திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். ஜூம் பண்ணாமல் அருகில் போய் எடுத்த ஒரு ஷாட் தனியாக வேண்டும், அதில் மூடி திரையின் பாதி உயரத்துக்காவது இருக்கட்டும்.

கை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாட்டிலின் கீழ்ப்பகுதியை ஒரு கையால் பிடித்தால் டைவரும் தெரியும், விரல்கள் அழுத்துவதும் தெரியும். இரண்டும் ஒரே சட்டகத்தில், வெட்டு இல்லாமல் வர வேண்டும். அழுத்தும் நொடியில் காட்சி வெட்டப்பட்டால் குழந்தைகள் சும்மா விடமாட்டார்கள், ‘அடியில் காந்தம் வெச்சிருக்காங்க’ என்பார்கள். அவர்கள் அப்படிச் சந்தேகப்படுவதில் தப்பும் இல்லை.

கணிப்பு நிறுத்தத்தில் குழந்தை கணிக்காமல் காத்திருக்கிறது

அழுத்துவதற்கு முன் வீடியோவைக் கொஞ்சம் நிறுத்தி, என்ன நடக்கும் என்று குழந்தையைக் கணிக்கச் சொல்லும் இந்த நிறுத்தம் எதற்கு என்று முதலில் தெளிவாக இருக்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இயற்பியல் வகுப்பில் செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே செய்யாதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று கணித்தவர்கள் தெளிவாகவே முன்னேறினார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். ஆனாலும் வீடியோவின் நடுவே ஒப்புக்கு மூன்று நொடி இசை போட்டு ‘யோசிங்க!’ என்று எழுதுவது ஏன் போதாது என்பது இதிலிருந்து புரியும். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

‘என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?’ என்ற கேள்வி மிக அகலமானது. அதற்குப் பதில் சொல்லக் குழந்தை வாக்கியம் தேட வேண்டும், தேடுவதற்குள் வீடியோ நகர்ந்துவிடும். அதற்குப் பதிலாக விரல் காட்டக்கூடிய தெரிவுகளைக் கொடுங்கள். திரையில் மூன்று பாட்டில் படம்: டைவர் மேலேயே, நடுவில், அடியில். ‘நான் இப்போ அழுத்தப் போறேன். ஒண்ணா, ரெண்டா, மூணா? விரலைக் காட்டுங்க.’ காட்டிய விரலைப் பிறகு மாற்ற முடியாது, அதுதான் வேண்டியது.

எவ்வளவு நேரம்? வகுப்பறையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது. வீடியோவில் குழந்தை படங்களையும் பார்த்தாக வேண்டும் என்பதால் நான் ஏழெட்டு நொடி வைப்பேன். அந்த நேரத்தில் இசை வேண்டாம், பேச்சும் வேண்டாம். எடிட் செய்யும்போது உங்களுக்கே அது நீளமாகத் தோன்றும். தோன்றட்டும், பதில் தெரிந்தவருக்கு எந்த நிறுத்தமும் நீளம்தான்.

இதற்கு நேரெதிரான அறிகுறியும் உண்டு: எல்லாக் குழந்தைகளும் முதல் தடவையே சரியாகச் சொல்கிறார்கள். மகிழ வேண்டாம், எங்கோ விடை கசிந்திருக்கிறது. முகப்புப் படத்தில் டைவர் அடியில் இருக்கிறதா? தலைப்பே ‘முங்கும் மூடி’ என்று சொல்லிவிட்டதா? கேள்வி கேட்கும்போது குரல் ஒரு தெரிவில் மட்டும் துள்ளுகிறதா? நீங்கள் கேள்வி கேட்கும்போதே விரல் பாட்டிலை அமுக்கத் தொடங்கி டைவர் கொஞ்சம் அசைந்துவிடுவதும் நடக்கும். கடைசியாகச் சொன்னதை எடிட்டில்தான் கண்டுபிடிப்பீர்கள். கேள்வி கேட்கும் ஷாட்டில் கை பாட்டிலைத் தொடாமலே இருக்கட்டும்.

‘புரிஞ்சுது’ என்கிறார்கள், காரணம் கேட்டால் தவறாகச் சொல்கிறார்கள்

வீடியோ முடிந்ததும் ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். ‘பாட்டிலை அழுத்தினா தண்ணி மேலேர்ந்து மூடியை அமுக்குது’ என்ற பதில் அநேகமாக வரும். நீங்கள் வீடியோவில் சரியான காரணத்தைச் சொல்லியிருப்பீர்கள். இருந்தும் வரும்.

பின்னாளில் வெரிடாசியம் என்ற யூடியூப் சேனலைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்காக இதைத்தான் ஆராய்ந்தார். சரியான விளக்கத்தை மட்டும் நேராகச் சொன்ன வீடியோவை மாணவர்கள் தெளிவாக இருந்தது என்றார்கள், ஆனால் தேர்வில் பெரிதாக மாற்றம் இல்லை. தவறான எண்ணத்தை முதலில் எடுத்து வைத்து, அது ஏன் நிற்காது என்று காட்டிய வீடியோ குழப்புகிறது என்றார்கள், ஆனால் அதைப் பார்த்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். காதில் விழும் சரியான காரணத்தைக் குழந்தை தன்னுடைய பழைய எண்ணத்தோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. எனவே பழைய எண்ணத்தைக் கண்ணெதிரே தோற்கடிக்க வேண்டும்.

அதற்கு இரண்டாவது டைவர் ஒன்று செய்யுங்கள். அதே மாதிரி மூடி, ஆனால் வாயைத் தடிமனான கிளேயால் முழுக்க அடைத்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. முதல் டைவருக்குள் தொடக்கத்திலேயே கொஞ்சம் தண்ணீர் இருக்கும், இதற்குள் முழுக்கக் காற்றுதான். ஆகவே இதற்குக் கூடுதல் கிளே தேவைப்படும். இரண்டும் டம்ளரில் ஒரே உயரத்தில் எட்டிப் பார்க்கும்வரை சரிசெய்யுங்கள். வேறு நிற மூடியாக இருந்தால் பேச வசதி: திறந்த வாய்க்கு நீலம், மூடிய வாய்க்குச் சிவப்பு.

இரண்டையும் ஒரே பாட்டிலில் போடுங்கள். இப்போது வருவதுதான் வீடியோவின் முக்கியமான நிறுத்தம். ‘தண்ணி மேலேர்ந்து அமுக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படின்னா நீலமும் சிவப்பும் ரெண்டுமே முங்கணும், இல்லையா? முங்குமா? நீலம் மட்டுமா, சிவப்பு மட்டுமா, ரெண்டுமா?’ ஏழெட்டு நொடி. பிறகு ஒரே பிடியில் அழுத்துங்கள். நீலம் இறங்கும், சிவப்பு அசையாமல் நிற்கும்.

சிவப்பும் இறங்கிவிட்டால் சோதனை பொய் இல்லை, உங்கள் அடைப்பில் கசிவு இருக்கிறது அல்லது கிளே மெல்லியதாக இருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. எடுத்து அசைத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தெரியும். துடைத்துவிட்டு, விரல் நக அகலம் தடிமனாக அடைத்து மறுபடி செய்யுங்கள்.

இதற்குப் பிறகுதான் விளக்கம். அருகில் எடுத்த ஷாட்டைப் போட்டு, நீல மூடிக்குள் இருக்கும் தண்ணீர்க்கோட்டை அம்புக்குறியால் காட்டுங்கள். அழுத்தும்போது கோடு ஏறுகிறது, விட்டதும் இறங்குகிறது. சொல்ல வேண்டியது நான்கைந்து வாக்கியம்தான்:

‘பாட்டிலை அழுத்தினா அந்த அழுத்தம் தண்ணி முழுக்க எல்லாப் பக்கமும் போகுது. தண்ணி லேசுல சுருங்காது, காத்து சுருங்கும். மூடிக்குள்ள காத்து சுருங்கினதும் அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுது. முன்ன மூடியும் காத்தும் சேர்ந்து நிறைய தண்ணியைத் தள்ளி இடம் பிடிச்சிருந்துச்சு, இப்போ கொஞ்சமாத்தான் தள்ளுது. தள்ளுற தண்ணி குறைஞ்சா மேலே தூக்குற விசையும் குறையும், அதான் முங்குது.’

பாஸ்கல், ஆர்க்கிமிடீஸ், பாயில் என்று மூன்று பெயரும் இந்தச் சில வரிகளுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு ‘மிதப்பு விசை’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்க்கலாம். ‘கார்ட்டீசியன்’ என்ற பெயருக்கான கதையும் எனக்கு அவ்வளவு அவசியமாகப் படவில்லை. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டின் பெயரில் வழங்கினாலும் இதைப் பற்றி முதலில் எழுதி வெளியிட்டவர் 1648-ல் ரஃபேலோ மஜியோட்டி என்ற இத்தாலியர்.

‘டைவர் கனமாகிவிட்டது’ என்று சொல்லலாமா என்று கேட்பார்கள். உள்ளே வந்த தண்ணீரையும் டைவரோடு சேர்த்துக் கணக்கிட்டால் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கிளே கூடியதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ‘அடர்த்தி கூடிவிட்டது’ என்பது சரியான சொல்தான், அடர்த்தி என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்த குழந்தைக்கு மட்டும். தெரியாத குழந்தைக்கு அது ஒரு காரணத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வெறும் பெயர்.

புரிந்ததா என்று சோதிக்க ‘ஏன் முங்கியது?’ என்று கேட்காதீர்கள், உங்கள் வாக்கியத்தையே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். காட்டாத ஒன்றைக் கேளுங்கள்: ‘மூடிக்குப் பதிலா ஒரு சின்னக் கட்டையை மிதக்கவிட்டு அழுத்தினா முங்குமா?’ தண்ணீர் ஏற வழியுள்ள காற்றறை அதில் இல்லை என்பதைப் பிடித்துக்கொண்ட குழந்தை, முங்காது என்று சொல்லி ஏன் என்றும் சொல்லும்.

வீடியோவைப் பார்த்து வீட்டில் செய்த குழந்தைக்கு மட்டும் வரவில்லை

பெரும்பாலும் டம்ளரில் சரிபார்க்கும் பகுதியை நீங்கள் எடிட்டில் வெட்டியிருப்பீர்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்று எல்லோரும் வெட்டுவது அதைத்தான். அதை இருபது நொடியாவது விட்டுவையுங்கள்: அதிகம் மிதக்கும் டைவர், முங்கியே போகும் டைவர், சரியான டைவர், மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். குழந்தை தன் டம்ளரைப் பார்த்து எது தன்னுடையது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பேனா மூடி கிடைக்காதவர்களுக்கு உறிஞ்சுகுழல் துண்டு போதும். ஏழு செ.மீ. அளவுக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இரு வாய்களும் கீழே பார்க்க ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்து, கிளிப்பில் கிளே ஒட்டினால் டைவர் தயார். கிளிப்பின் முனையை நிமிர்த்த வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை.

முடிந்ததும் பாட்டிலை அலமாரியில் நிரந்தரமாக வைத்துவிடாதீர்கள். சில நாட்களில் தண்ணீர் கெட்டுப்போகும், தாகத்தில் யாராவது எடுத்துக் குடிக்கவும் கூடும், உள்ளே கிளேயும் நிறமும் இருக்கிறது. தண்ணீரை வடிகட்டி வழியே கொட்டி, டைவர்களை எடுத்து உலர்த்தி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கிளே ஒட்டிய எடை மாறாமல் இருந்தால், அடுத்த முறை டம்ளரில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு நேரே படம் எடுக்கத் தொடங்கலாம்.